IFS-இல் #N/A வருகிறது: எந்த நிபந்தனையும் பொருந்தாவிட்டால் என்ன விடை கொடுப்பது?

பால்குடம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் சின்னதாக ஒரு பால் சேகரிப்பு நிலையம் நடத்துகிறோம். அறுபது பேர் பால் ஊற்றுகிறார்கள். அப்பா நோட்டில் எழுதி வந்த கணக்கை இந்த மாதம் எக்செலுக்கு மாற்றியிருக்கிறேன். விலை ஃபேட்டை மட்டும் பார்த்துத்தான். B-இல் லிட்டர், C-இல் ஃபேட், D-இல் லிட்டர் விலை, E-இல் தொகை.

D2-இல் இப்படி எழுதி அறுபது வரிக்கும் இழுத்துவிட்டேன்:

```
=IFS(AND(C2>=3,C2<=3.4),30,AND(C2>=3.5,C2<=3.9),32,AND(C2>=4,C2<=4.4),34,C2>=4.5,36)
```

57 வரி சரியாக வந்துவிட்டது. மூன்றில் மட்டும் #N/A. 22-ஆம் வரியில் ஃபேட் 2.8, அது புரிகிறது. 61-ஆம் வரியில் அன்று அவர் பால் ஊற்றவில்லை, காலி செல், அதுவும் சரி. ஆனால் 14-ஆம் வரிதான் தலையைச் சுற்ற வைக்கிறது. C14-இல் 4.0 என்றே இருக்கிறது. அடுத்த வரியிலும் அதே 4.0. அதற்கு 34 வருகிறது, இதற்கு #N/A. இந்த மூன்றினால் E-இன் கூட்டலும் #N/A ஆகி நிற்கிறது. நாளைக் காலை பட்டுவாடா.

IF-இல் கடைசியாக ஒரு மதிப்பைக் கொடுத்தால் அது மீதி எல்லாவற்றுக்கும் ஆகும் அல்லவா? அதே போல இங்கேயும் கடைசியில் 30 என்று போட்டுப் பார்த்தேன். You've entered too few arguments for this function என்று சொல்லி உள்ளேயே விடவில்லை. மீதிக்கான விடையை IFS-இல் எங்கே எழுதுவது?

---

கீழத்தெரு குமார்

இதற்கு ஏன் இவ்வளவு கவலை தம்பி. முழு ஃபார்முலாவையும் IFERROR-க்குள் வைத்து, கடைசியில் 0 போட்டுவிடுங்கள்.

```
=IFERROR(IFS(...),0)
```

நான் கடைக் கணக்கில் இரண்டு வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன். கூட்டலும் நிற்காது, அசிங்கமாகவும் தெரியாது.

---

சிவகாமி

பால்குடம், அதை இப்போது போடாதீர்கள். போட்டால் 14-ஆம் வரிக்காரர் நாளை ஒரு ரூபாய்கூட இல்லாமல் வீட்டுக்குப் போவார். கூட்டலும் ஒழுங்காகத் தெரிவதால் உங்கள் கண்ணிலும் படாது.

முதலில் ஒன்று செய்யுங்கள். C14 மேல் கிளிக் செய்து, மேலே இருக்கும் ஃபார்முலா பட்டியில் என்ன எண் தெரிகிறது என்று சொல்லுங்கள். செல்லில் தெரிவது வேண்டாம்.

---

பால்குடம்

அக்கா, 3.96! செல்லில் 4.0, மேலே 3.96. எங்கள் மிஷின் இரண்டு தசமம் காட்டும், நானும் அப்படியேதான் அடித்திருக்கிறேன். ஷீட்டை அமைக்கும்போது அழகுக்காக ஒரு தசமம் போதும் என்று வைத்துவிட்டேன் போலிருக்கிறது. 15-ஆம் வரியில் மேலேயும் 4.03 இருக்கிறது, அதனால் அது பிழைத்தது.

---

சிவகாமி

அதேதான். செல்லின் வடிவமைப்பு கண்ணுக்குத் தெரிவதை மட்டும் மாற்றும். ஃபார்முலா ஒப்பிடுவது உள்ளே இருக்கும் 3.96-ஐ. உங்கள் நிபந்தனைகளை அந்த எண்ணோடு ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். 3.9-க்கு மேல், அதனால் இரண்டாவது பொருந்தவில்லை. 4-க்குக் கீழ், அதனால் மூன்றாவதும் பொருந்தவில்லை. 3.9-க்கும் 4-க்கும் நடுவில் ஒரு சந்து விட்டிருக்கிறீர்கள். 3.4-க்கும் 3.5-க்கும் நடுவிலும், 4.4-க்கும் 4.5-க்கும் நடுவிலும் அதே சந்து உண்டு. இன்று யாரும் அதில் விழவில்லை, அவ்வளவுதான்.

IFS மேலிருந்து கீழே போகும். முதலில் எது உண்மையோ அதன் மதிப்பைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். எதுவுமே உண்மை இல்லையென்றால் #N/A தரும். IF போல மீதிக்கென்று அதில் தனி இடம் கிடையாது. எல்லாம் நிபந்தனை, மதிப்பு என்று ஜோடி ஜோடியாகத்தான் போக வேண்டும். நீங்கள் தனியாக 30 போட்டபோது அது ஜோடி இல்லாத ஒற்றையாக நின்றது, அதனால்தான் உள்ளே விடவில்லை. எப்போதும் உண்மையாக இருக்கும் ஒரு நிபந்தனையைக் கடைசியில் நீங்களே எழுத வேண்டும். அது TRUE.

ஆனால் TRUE,30 என்று போடுவதற்கு முன் கணக்குப் பாருங்கள். 14-ஆம் வரியில் எத்தனை லிட்டர்?

---

பால்குடம்

12.5 லிட்டர் அக்கா.

---

சிவகாமி

சரி. 34 ரூபாய் என்றால் 425. 32 என்றால் 400. உங்கள் பழைய ஃபார்முலாவில் TRUE,30 மட்டும் ஒட்டியிருந்தால் 375. குமார் அண்ணா சொன்னபடி என்றால் 0. ஒரே பால், நான்கு தொகை. #N/A இருந்தவரை எது சரி என்று கேட்கவாவது தோன்றியது. 375 என்று எழுதியிருந்தால் அவர் கேட்டால்தான் உண்டு.

அதனால் முதல் வேலை சந்தை அடைப்பது. AND எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெரிய எண்ணிலிருந்து கீழே இறங்குங்கள்:

```
=IFS(C2>=4.5,36,C2>=4,34,C2>=3.5,32,C2>=3,30,TRUE,"பார்க்க")
```

4.5 இல்லை என்று தெரிந்த பிறகுதான் 4-ஐக் கேட்கிறது. அதனால் மேல் எல்லையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, நடுவில் சந்தும் இல்லை. 3.96-க்கு 32 வரும். இப்போது TRUE-இல் விழுவது 3-க்குக் கீழே உள்ளது மட்டும். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். C2>=3-ஐ முதலில் எழுதினால் எல்லோருக்கும் 30-தான்.

---

கீழத்தெரு குமார்

அம்மா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் "பார்க்க" என்று எழுத்து வந்தால் E-இல் லிட்டரோடு பெருக்கும்போது #VALUE! வருமே? கூட்டல் மறுபடியும் நிற்கும். அதற்காகத்தான் நான் 0 போடுகிறேன்.

---

சிவகாமி

நியாயமான கேள்வி அண்ணா, நான் சொல்லாமல் விட்டேன். E2-ஐ இப்படி மாற்ற வேண்டும்:

```
=IF(ISNUMBER(D2),B2*D2,"")
```

SUM எழுத்தைக் கண்டுகொள்ளாது, அதனால் கூட்டல் வரும். 0-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், 0 ஒரு தொகை. "இவருக்கு ஒன்றும் தர வேண்டாம்" என்று ஷீட் முடிவு செய்துவிட்டதாக ஆகிறது. 3-க்குக் கீழே பாலுக்கு விலை இல்லை என்பது அவர்கள் நிலையத்தின் விதியாகவே இருந்தால் TRUE,0 சரிதான். அந்த விதி உண்டா என்பது அவருக்குத்தான் தெரியும். உங்கள் கடையில் என்ன கணக்கோ எனக்குத் தெரியாது. ஒரு தடவை IFERROR-ஐ எடுத்துவிட்டு எத்தனை பிழை வெளியே வருகிறது என்று பாருங்கள்.

---

மாலதி டீச்சர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான். TRUE போட்டும் #N/A போகவில்லை. மதிப்பெண் வேறொரு தாளில் இருக்கிறது.

```
=IFS(VLOOKUP(A2,தேர்வு!A:B,2,FALSE)>=60,"முதல் வகுப்பு",TRUE,"மற்றவை")
```

நாற்பது மாணவிகளில் ஆறு பேருக்கு #N/A. அவர்களுக்கு "மற்றவை" என்றுதானே வர வேண்டும்?

---

சிவகாமி

டீச்சர், பெயர் ஒன்றுதான், உங்கள் #N/A வேறு இடத்திலிருந்து வருகிறது. அந்த ஆறு பேரின் எண் தேர்வுத் தாளில் கிடைக்கவில்லை, அதனால் VLOOKUP-ஏ #N/A ஆகிவிட்டது. முதல் நிபந்தனையே பிழையாக இருக்கும்போது IFS அதை அப்படியே வெளியே தள்ளிவிடும். கடைசி TRUE வரை அது போவதே இல்லை. பால்குடத்தின் வரியில் நிபந்தனைகள் எல்லாம் "இல்லை" என்று பதில் சொன்னன. உங்களுடையதில் முதல் நிபந்தனை பதிலே சொல்லவில்லை.

VLOOKUP-ஐ மட்டும் தனி நெடுவரிசையில் வைத்து அந்த ஆறு எண்களைப் பாருங்கள். பெரும்பாலும் எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும், இல்லையென்றால் ஒரு தாளில் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் இருக்கும். அதைப் பார்க்காமல் அவர்களை "மற்றவை"யில் சேர்த்துவிடாதீர்கள்.

---

மாலதி டீச்சர்

பார்த்தேன் அம்மா. ஐந்து பேருக்கு இடைவெளிதான். ஆறாவது மாணவி பள்ளி மாறிப் போனவள், தேர்வே எழுதவில்லை. ஐந்து பேரில் இரண்டு பேர் முதல் வகுப்பு! நன்றி.

---

வேலவன்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். TRUE போட வேண்டாம் என்பேன். #N/A இருந்ததால்தான் பால்குடம் 3.96-ஐக் கண்டுபிடித்தார். கூட்டல் நின்றதால்தான் இங்கே கேட்கவே வந்தார். பணம் கொடுக்கும் ஷீட்டில் கணக்கு சரியாகும் வரை மொத்தம் தெரியக்கூடாது, அதுதான் பூட்டு. "பார்க்க" என்று எழுதி மொத்தத்தையும் காட்டிவிட்டால், அவசரத்தில் யார் மேலே ஏறிப் பார்ப்பார்கள்? அறுபது வரிக்குப் பதில் அறுநூறு என்றால்?

---

சிவகாமி

உங்கள் பயம் எனக்கும் உண்டு. ஆனால் #N/A ஒரு காரணத்துக்கு மட்டும் வருவதில்லையே, டீச்சர் விஷயத்தில் இப்போதுதான் பார்த்தோம். அது நின்றுவிட்டது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அப்புறம், பட்டுவாடா நேரத்தில் வரிசையில் ஆள் நிற்கும்போது மொத்தம் #N/A என்றால், யாராவது அதை IFERROR-இல் மூடிவிடுவார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படித்தான் மூன்று மாதம் மூடிக் கிடந்தது.

பூட்டு வேண்டுமென்றால் மொத்தத்தில் வைக்கலாம்:

```
=IF(COUNTIF(D2:D61,"பார்க்க*")>0,"இன்னும் பார்க்க உள்ளது",SUM(E2:E61))
```

நட்சத்திரம் ஏன் என்றால், இரண்டு விதமாக "பார்க்க" எழுதப் போகிறோம், கீழே சொல்கிறேன்.

---

வேலவன்

மொத்தத்தில் பூட்டு, இது பரவாயில்லை. ஆனாலும் என் ஷீட்டில் #N/A-ஐ அப்படியே விடுவேன். அது யாரும் எழுதாமலே தானாக வருவது. "பார்க்க"வை ஒருவர் எழுத மறந்தால் பூட்டும் இல்லை.

---

பால்குடம்

அக்கா, இன்னொன்று. புது ஃபார்முலாவைப் போட்டதும் 31-ஆம் வரியில் 36 வருகிறது. பழையதிலும் 36-தான் வந்திருக்கிறது, இப்போதுதான் கவனிக்கிறேன். அந்த வீட்டுப் பால் ஒரு நாளும் 4-ஐத் தாண்டியதில்லை. செல்லைப் பார்த்தால் 3..72. புள்ளியை இரண்டு தடவை அடித்திருக்கிறேன். இது ஏன் #N/A ஆகவில்லை? "பார்க்க" என்றும் வரவில்லை.

---

சிவகாமி

இதைத்தான் அடுத்து சொல்ல வந்தேன், நீங்களே பிடித்துவிட்டீர்கள். இரண்டு புள்ளி வந்ததும் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எக்செல் கணக்கில் எழுத்து எப்போதும் பெரியது. எந்த எண்ணை விடவும். அதனால் C31>=4.5 என்று கேட்டால் "ஆமாம்" என்கிறது, முதல் ஜோடியிலேயே 36 கொடுத்து முடித்துவிடுகிறது. உங்கள் பழைய ஃபார்முலாவில் முதல் மூன்று ஜோடிகளுக்கு மேல் எல்லை இருந்ததால் அவற்றைத் தாண்டி, எல்லையே இல்லாத நாலாவதில் போய் நின்றது. முடிவு ஒன்றுதான்.

சாதாரணமாக எழுத்து செல்லின் இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் ஒட்டி நிற்கும், கண்ணுக்குத் தெரியும். C நெடுவரிசையை நடுவில் நிறுத்தி வைத்திருப்பீர்கள்.

---

பால்குடம்

ஆமாம், எல்லாவற்றையும் நடுவில்தான் வைத்தேன். 9 லிட்டர். 288-க்குப் பதில் 324. #N/A வந்த மூன்று வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒழுங்காக விலை வந்த வரியில் தப்பு இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

---

சிவகாமி

கடைசி TRUE இதைப் பிடிக்காது, அது கடைசியில் நிற்பது. இதைப் பிடிக்கிற நிபந்தனையை முதலில் வைக்க வேண்டும். பசும்பாலோ எருமைப்பாலோ, 10-க்கு மேல் ஃபேட் உங்கள் நிலையத்துக்கு வருமா?

---

பால்குடம்

எருமை எட்டைத் தொட்டாலே பெரிய விஷயம் அக்கா. பத்துக்கு மேல் வராது.

---

சிவகாமி

அப்படியானால்:

```
=IFS(C2="","",
 C2>10,"பார்க்க: பதிவு",
 C2>=4.5,36,
 C2>=4,34,
 C2>=3.5,32,
 C2>=3,30,
 TRUE,"பார்க்க: குறைவு")
```

காலி செல் முதல் வரியிலேயே வெளியேறிவிடும். காலியை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்ளும், அதனால் அதை முதலில் அனுப்பாவிட்டால் பால் ஊற்றாதவரும் "குறைவு" என்று வருவார். இரண்டாவது வரி, 4.1-க்குப் பதில் 41 என்று அடித்ததைப் பிடிக்கும். எழுத்து எந்த எண்ணை விடவும் பெரியது என்பதால் 3..72-ஐயும் அதே வரி பிடித்துவிடும். இப்போது TRUE-இல் விழுகிற ஒவ்வொன்றும் உண்மையாகவே 3-க்குக் கீழே உள்ள எண். அதை என்ன செய்வது என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

D2-இல் எண்டர் தட்டியபின் C2-இன் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அதைக் காலியாக்கியும், அதிலேயே 41, 3..72, 2.8, 3.96, 4 என்று மாற்றி மாற்றி அடித்தும் பாருங்கள். ஆறுக்கும் நினைத்த விடை வந்தால்தான், பழைய எண்ணைத் திரும்பப் போட்டுவிட்டுக் கீழே இழுக்க வேண்டும்.

---

தறிவீடு செல்வி

விலை மாறும்போது அறுபது வரி ஃபார்முலாவையும் திருத்துவீர்களா? நாங்கள் கூலிக் கணக்கில் H2:I5-இல் ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறோம். உங்களுக்கு என்றால் 3, 3.5, 4, 4.5 ஒரு பக்கம், 30, 32, 34, 36 மறுபக்கம்.

```
=VLOOKUP(C2,$H$2:$I$5,2,TRUE)
```

விலை மாறினால் பட்டியலில் மட்டும் மாற்றினால் போதும்.

---

சிவகாமி

நல்ல வழி செல்வி, அடுத்த விலை மாற்றத்துக்கு முன் பால்குடம் இதற்கு மாறுவதுதான் நல்லது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. 3..72 போன்ற எழுத்தை எண் பட்டியலில் தேடினால் VLOOKUP #N/A என்றே சொல்லும், 36 கொடுக்காது. 3-க்குக் கீழே என்றாலும் #N/A. 41-ஐ மட்டும் பிடிக்காது, அதற்கும் 36 கொடுத்துவிடும். பட்டியல் சிறியதிலிருந்து பெரியதாக இறங்க வேண்டும், IFS-இல் எழுதியதற்கு நேர் எதிர்.

---

வடக்குமாடம்

என் அலுவலகக் கணினியில் எக்செல் 2016. இந்த ஃபார்முலாவை ஒட்டினால் #NAME? வருகிறது. TRUE-ஐத் தப்பாக அடித்தேனா?

---

சிவகாமி

இல்லை, 2016-ஐத் தனியாக வாங்கிய பதிப்பில் IFS கிடையாது. 2019-இலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும் உண்டு. நீங்கள் IF-க்குள் IF எழுத வேண்டும். அதில் கடைசி மதிப்பை மறந்தால் பிழையே வராது, FALSE என்று வரும். FALSE-ஐ லிட்டரோடு பெருக்கினால் 0. அதனால் கடைசி IF-இல் மீதிக்கான விடையைக் கட்டாயம் எழுதுங்கள்.

---

பால்குடம்

ஆறையும் செய்து பார்த்தேன், எல்லாம் நினைத்தபடி வந்தது. 31-ஐத் திருத்திவிட்டேன். மொத்தம் இப்போது "இன்னும் பார்க்க உள்ளது" என்று நிற்கிறது, 22-ஆம் வரி 2.8-க்காக. அதற்கு 28 ரூபாய் என்று அப்பா சொன்னார், நோட்டில் அப்படித்தான் கொடுத்து வந்திருக்கிறார். நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு செல்லில் 28 என்று கையால் போடட்டுமா, ஃபார்முலாவில் சேர்க்கட்டுமா?

3.96-க்குத்தான் இன்னும் முடிவு வரவில்லை. மிஷின் 3.96 என்கிறது, நான் கொடுத்த சீட்டில் 4.0 என்று அச்சாகியிருக்கிறது. 4.0-ஐப் பார்த்துவிட்டு 32 வாங்க அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

---

சிவகாமி

ஃபார்முலாவில் சேருங்கள். கையால் போட்டால் அடுத்த முறை இழுக்கும்போது அழிந்துவிடும். ஆனால் 28 எதுவரைக்கும் என்று அப்பாவிடம் கேளுங்கள். 2.5 என்றால் C2>=3,30-க்கு அடுத்து C2>=2.5,28 என்று வரட்டும், அதற்கும் கீழே உள்ளது TRUE-இல் விழட்டும். TRUE,28 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், 0.4 என்று தவறாக அடித்தாலும் 28 கொடுத்துவிடும்.

3.96-ஐ எக்செல் முடிவு செய்ய முடியாது. சீட்டில் காட்டுவதும் கணக்குப் போடுவதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இரண்டு தசமம் அச்சிட்டு 32 கொடுங்கள். இல்லையென்றால் எல்லா இடத்திலும் C2-க்குப் பதில் ROUND(C2,1) வைத்து 34 கொடுங்கள். ஆனால் எழுத்து இருக்கிற செல்லில் ROUND #VALUE! தரும், காலியையும் C2>10-ஐயும் அப்படியே விட்டு மற்றவற்றில் மட்டும் மாற்றுங்கள்.

---

கீழத்தெரு குமார்

இந்த முறை 34 கொடுத்துவிடுங்கள் தம்பி. சீட்டில் அச்சடித்தது நீங்கள். அடுத்த பட்டுவாடாவிலிருந்து இரண்டு தசமம்.

பின்குறிப்பு: IFERROR-ஐ எடுத்துப் பார்த்தேன். 11 வரியில் #N/A. இரண்டு வருடச் சரக்கு, உட்கார்ந்து பார்க்கிறேன்.

---

வேலவன்

எனக்கு 3.96-க்கு 32-தான் சரி என்று படுகிறது. ஒருவருக்கு 34 கொடுத்தால் கடந்த பத்து நாளில் 3.46 ஊற்றியவருக்கும் 3.5 விலை கொடுக்க வேண்டும். அவருக்கும் சீட்டில் 3.5 என்றுதானே அச்சாகியிருக்கும்?

---

பால்குடம்

பழைய பத்து நாளைப் பிரித்துப் பார்க்கிறேன். 3.46 முதல் 3.49 வரை நான்கு பேர் இருக்கிறார்கள். இந்தச் சந்தில் விழுந்தவர்களுக்கு நோட்டில் அப்பா என்ன கொடுத்தார் என்று இப்போது தேட வேண்டும்.